காதில் விழும் வசையும் கடவுச்சீட்டில் நிற்கும் பெயரும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மொழியில் மங்கலமாக ஒலிக்கும் சொல் இன்னொரு மொழியில் வசையாகக் கேட்பதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் பலர். அந்தக் கூச்சம் யாருக்கு வருகிறது, எப்போது வருகிறது, வந்தபின் புலம்பெயர்ந்தவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்ற கேள்விகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பேச்சின் இயல்பு காரணமாகச் சில வசைச்சொற்களின் ஒலியைத் தொட்டுச் செல்ல நேரும், பொறுத்தருள வேண்டும்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க மொழியியலாளர் மேரி ஹாஸ். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தாய்லாந்து மாணவர்களிடம் அவர் கண்ட ஒரு பழக்கத்தை 1951இல் கட்டுரையாக எழுதினார். தாய்லாந்து மொழியில் மிளகாய்க்குப் 'ப்ரிக்' என்று பெயர். ஆங்கிலத்தில் அவ்வொலி ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். உறையைக் குறிக்கும் 'ஃபக்' என்ற தாய்லாந்துச் சொல்லும் ஆங்கிலத்தின் மிக மோசமான வசையைப் போலவே ஒலிக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் அருகில் இருக்கும்போது அம்மாணவர்கள் தங்களுக்குள் தாய்லாந்து மொழியில் பேசினாலும் இத்தகைய சொற்களைத் தவிர்த்தார்கள். ஓக்லஹோமாவில் வாழும் கிரீக் பழங்குடியினரும் மண்ணைக் குறிக்கும் தங்கள் 'ஃபக்கி' என்ற சொல்லை வெள்ளையர் முன்னிலையில் கூறத் தயங்கியதை அதே கட்டுரையில் அவர் பதிவு செய்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அருகில் நிற்கும் ஆங்கிலம் பேசுபவருக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. ஓடும் பேச்சில் அந்த ஓரசை அவர் காதில் தனியே விழுவதே அரிது. கூசுவது இரண்டு மொழியும் தெரிந்தவரின் மனம்தான். ஆங்கிலம் அறியாத பாட்டி மிளகாயைத் தயங்காமல் கேட்பாள். பேரனுக்குத்தான் முகம் சிவக்கும். ஆகவே மொழித்திறன் வளர வளர இக்கூச்சமும் வளர்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. எதிர்த்திசையிலும் இது நிகழ்கிறது: 'இன்னும்' என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லாகிய 'யெட்', தாய்லாந்து மொழியில் உடலுறவைக் குறிக்கும் கொச்சையோடு ஒத்துப்போவதால், ஆங்கில வகுப்பில் அதை உரக்கச் சொல்லத் தாய்லாந்துக்காரர் தடுமாறுவார்.

பொதுச்சொல்லாக இருந்தால் தப்பிக்க வழி கிடைக்கும். சீன மொழியில் பேச்சு தடைபடும்போது 'அது வந்து' என்பதுபோல் இழுக்கும் சொல்லை 'நேய்கெ' என்றும் 'நாகெ' என்றும் இரு விதமாக ஒலிக்கலாம். முதல் வடிவம் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல்லுக்கு மிக அருகில் இருப்பதால், வெளியிடங்களில் இரண்டாவதையே பயன்படுத்தப் பழகிக்கொண்ட சீனர்கள் உண்டு. இரண்டுமே சரியான சீனம் என்பதால் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

பெயருக்கு அந்த வசதி கிடையாது. பெயரைத் தவிர்க்க முடியாது. வருகைப்பதிவில் பிறர் அதை உரக்கப் படிக்கிறார்கள். அடையாள அட்டையில் அது அச்சாகி நிற்கிறது. பெயரில் வரும் சிக்கல் பெரும்பாலும் காதைவிடக் கண்ணில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. தாய்லாந்துப் பெயர்களில் மிகுதியாக வரும் ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம். நம் 'வரம்' என்ற சொல்லுக்கு மூலமான வடசொல்லே அங்கே 'ஃபோன்' போல ஒலிக்கும் சொல்லாயிற்று. ஆனால் முதலில் வருவது உதடு ஒட்டி, மூச்சோடு வெளிப்படும் பகரம். தாய்லாந்து அரசின் எழுத்துப்பெயர்ப்பு விதிப்படி இதைப் பி, எச், ஓ, என் என்று எழுத வேண்டும். மக்கள் வழக்கமோ பி, ஓ, ஆர், என். காரணம் எளியது. பிரித்தானிய ஆங்கிலத்தில் உயிருக்குப் பின்வரும் ஆர் ஒலிப்பதில்லை. ஓகாரம் நீள்வதைக் காட்டவே அது சேர்க்கப்பட்டது. ஆர் எழுத்தை அழுத்தி ஒலிக்கும் அமெரிக்காவில் அதே எழுத்துகள் ஆபாசப் படத்தின் பெயராகப் படிக்கப்படுகின்றன. 1988இல் பிரபஞ்ச அழகியாக, அதாவது மிஸ் யுனிவர்ஸாக, முடிசூட்டப்பட்ட பெண்ணின் பெயர் இவ்வுறுப்பில்தான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த அவரைப் பலரும் 'புயி' என்ற செல்லப்பெயராலேயே அறிவார்கள்.

செல்லப்பெயர் என்ற அந்த வழி தாய்லாந்தினருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. பிறந்தபோதே வீட்டில் ஒரு குறும்பெயர் வைத்து வாழ்நாள் முழுவதும் அதனால் அழைப்பது அவர்கள் மரபு என்பதால், அயல்நாட்டில் அதைச் சொல்வது பெயரை விட்டுக்கொடுத்ததாகத் தோன்றுவதில்லை. வியட்நாமியரின் நிலை அப்படியல்ல. நற்பேறு என்ற பொருள்படும் 'ஃபுக்' அங்கே மிகப் பரவலான பெயர். நாட்டின் பிரதமராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த ஒருவரின் பெயரும் அதுவே. அதைப் பி, எச், யு, சி என்று எழுதும் முறை 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் அமைத்த எழுத்துமுறையிலிருந்து வந்தது. ஆங்கிலம் அதில் எங்கும் இல்லை. உகரத்தின் மேல் இருந்த தொனிக்குறியும் கடவுச்சீட்டின் இயந்திர வரியில் உதிர்ந்துவிடுகிறது, ஏனெனில் அவ்வரி வெறும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளையே ஏற்கும். குறி போனபின் எஞ்சுவதைப் பார்ப்பவர் தம் மொழி விதிப்படி படிக்கிறார்.

2020இல் கலிஃபோர்னியாவின் ஒரு கல்லூரியில், இப்பெயருள்ள மாணவியிடம் பெயரை ஆங்கிலப்படுத்திக்கொள்ளும்படி பேராசிரியர் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டார். மாணவி மறுத்தார். செய்தி பரவியது, கல்லூரி பேராசிரியரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது, அவர் மன்னிப்பும் கேட்டார். நான் இதில் காண்பது ஓர் எளிய முறைகேடு: கூசியவர் ஆசிரியர், தீர்வுக்கு உழைக்கச் சொல்லப்பட்டவரோ மாணவி. சரியான ஒலிப்பைக் கேட்டறிய அரை நிமிடம் போதும்.

எழுத்தை மாற்றுவது இன்னொரு வழி. நம்மவரிடையே இதற்கு ஒரு சிறிய உதாரணம் உண்டு. ஹர்ஷித், ரக்ஷித் போன்ற பெயர்களை வடவர் ஆங்கிலத்தில் 'டி' கொண்டு முடிக்கும்போது கடைசி நான்கெழுத்து மலத்தைக் குறிக்கும் வசையாகக் கண்ணில் படுகிறது. தென்னிந்தியர் தகரத்துக்கு 'டி'யுடன் 'எச்' சேர்ப்பவர்களாதலால், வேறு எதையும் மாற்றாமலே பார்வைக்கு ஓரளவு தணிந்துவிடுகிறது. ஆனால் இணையப் படிவங்களின் வடிகட்டிகளை இதனால் முழுதும் ஏமாற்ற முடியாது. எழுத்துத்தொடரை மட்டும் பார்த்துத் தடுக்கும் நிரல்கள், 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் என்ற நகரவாசிகளையே கணக்குத் தொடங்கவிடாமல் செய்தன, ஊர்ப்பெயரின் நடுவே ஒரு வசை ஒளிந்திருந்ததால்.

எழுத்து மாற்றத்தை எப்போது செய்வது என்பதும் முக்கியம். முதல் கடவுச்சீட்டு எடுக்குமுன் செய்தால் செலவில்லை. பின்னால் செய்தால் பள்ளிச் சான்றிதழ் ஒரு எழுத்திலும், வங்கிக் கணக்கு இன்னொன்றிலும் நிற்கும். பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் விமானத்தில் ஏறவும் தடை வரும். ஆகவே பலர் ஆவணங்களைத் தொடாமல் விட்டுவிட்டு, பணியிடத்திலும் நண்பர்களிடத்திலும் மட்டும் வேறொரு பெயரைப் புழங்குகிறார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று விளக்க வேண்டிய நேரம் அவர்களுக்கும் ஒருநாள் வரத்தான் செய்கிறது, பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம் கேட்கும் வேளையில்.

இப்போது குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் இரு மொழியிலும் உரக்கச் சொல்லிப் பார்த்தும், ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். நல்ல வழக்கமே; என்றாலும் அந்தக் குழந்தை வளர்ந்து மூன்றாவதொரு மொழி பேசும் நாட்டுக்கு வேலைக்குப் போகாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.