உங்க பொருள்ல தண்ணி இருக்கா?

வணக்கம், பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உட்காருங்க. மேடை ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு தம்பி மடக்கிட்டாரு, "அக்கா, சொந்த பிராண்டுல லிப் பாம், பாடி ஆயில், ஃபேஸ் கிரீம் மூணும் விக்கப் போறேன், நானே தயாரிக்கவா இல்ல வெளிய குடுத்துடவா?"ன்னு. நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான், எதுல தண்ணி இருக்கு?

பாம்லயும் ஆயில்லயும் தண்ணியே கிடையாது, அதனால கிருமி சுலபமா வளராது. அதுல வர்ற தொல்லை வேற, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், ஷியா பட்டர் மெதுவா ஆறினா மணல் மாதிரி நெறநெறன்னு ஆயிடும். மறுபடி முழுசா உருக்கி சீக்கிரமா குளிர வெச்சா பெரும்பாலும் சரியாயிடும். மூணு கிலோ உருக்கினா 30 கிராம் டப்பா நூறு வரும், இதெல்லாம் தாராளமா நீங்களே பண்ணலாம்.

கிரீம் அப்படி இல்லீங்க. பாதிக்கு மேல தண்ணிதான். நான் முதல்ல பண்ணின கத்தாழை கிரீம்ல வைட்டமின் ஈ போட்டுட்டு அதுவே பாதுகாப்புன்னு நிம்மதியா இருந்தேன், மூணாவது வாரம் மூடியைத் திறந்தா உள்பக்கம் கறுப்பு கறுப்பா பூஞ்சைப் புள்ளி. வைட்டமின் ஈ எண்ணெய் கெடுறதத்தான் தள்ளிப்போடும், கிருமியை ஒண்ணும் பண்ணாது. பூஞ்சையாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது, பாக்டீரியா நிறைய இருந்தும் பாக்க, மோந்துபாக்க நல்லா இருக்கிற கிரீமும் உண்டு. அதனால பிரிசர்வேட்டிவ் போட்டா மட்டும் போதாது, சேலஞ்ச் டெஸ்ட் பண்ணணும், அதாவது லேப்ல வேணும்னே பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சையை கிரீம்ல விட்டு 28 நாள் வரைக்கும் அது குறையுதான்னு எண்ணிப் பாப்பாங்க. ஒரு மூலப்பொருளை மாத்தினா பழைய ரிசல்ட்டை அப்படியே நம்ப முடியாது. மாசத்துக்கு ஒரு தடவை கைப்பக்குவத்தை மாத்துற நம்மள மாதிரி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது, அதான் கிரீமை வெளிய குடுங்கன்னு சொல்றேன்.

குடுக்கும்போதும் உஷார். தயாரிச்சுக் குடுக்கிற கம்பெனிக்காரங்க, தாங்க ரெடியா வெச்சிருக்கிற ஃபார்முலாவுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுவாங்க, நீங்க "கொஞ்சம் ரோஜா எக்ஸ்ட்ராக்ட் சேத்துக் குடுங்க"ன்னா அந்த ரிப்போர்ட் உங்க கிரீமோடது இல்ல. அப்புறம் மினிமம் ஆர்டர். ஆயிரம் டப்பா எடுத்தே ஆகணும்னு சொல்றாங்க, உங்க விற்பனை மாசம் 80ன்னு வைங்க, தீர பன்னிரண்டரை மாசம். எக்ஸ்பைரி 18 மாசம்னா கடைசியா வாங்குறவங்களுக்கு மிஞ்சுறது அஞ்சரை மாசம்தான். சின்ன பேட்ச் போடுறவங்களைத் தேடுங்க, டப்பாவுக்குக் கூடக் குடுத்தாலும் பரவால்ல.

ஃபார்முலா யாருக்கு சொந்தம்னும் அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. அவங்க பேஸ் ஃபார்முலான்னா அது பெரும்பாலும் அவங்களோடதுதான், நாளைக்கு வேற ஆள்கிட்ட மாறினா அதே கிரீம் கிடைக்காது, ரெகுலரா வாங்குறவங்க முதல் தடவை தடவும்போதே கண்டுபிடிச்சிடுவாங்க.