அந்த மூதாட்டி யார் பக்கம்?

நடுவர் தந்த கேள்வி: "வரி போடுவதில் எது நியாயம்? கட்டுகிறவரின் சக்தியைப் பார்ப்பதா, அவர் அடையும் பயனைப் பார்ப்பதா?"

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சக்தியைப் பார்ப்பதே நியாயம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் விஷயம் தெரிந்தவர். 1980-களின் பிரிட்டனிலிருந்து ஒரு மூதாட்டியை அழைத்து வந்து நம் முன் நிறுத்தினார். கணவர் காலமாகிவிட்டார், பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்து வீடும் அதே அளவு, அங்கே சம்பாதிக்கிறவர்கள் நான்கு பேர். அன்றைய உள்ளாட்சி வரி வீட்டின் வாடகை மதிப்பை மட்டும் பார்த்ததால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை. நான்கு பேர் குப்பை போடுகிறார்கள், நான்கு பேர் நூலகத்துக்குப் போகிறார்கள், எனவே தலைக்கு இவ்வளவு என்று போடுவதே நியாயம் என்றார். மார்கரெட் தாட்சர் அரசும் அதையேதான் செய்தது. தலைவரி 1989 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கும், 1990 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸுக்கும் வந்தது.

அந்த மூதாட்டிக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் அவர் புகாரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "நான் குப்பை குறைவாகப் போடுகிறேன்" என்பதா அவர் குறை? "ஒற்றை ஓய்வூதியத்தில் இதை எப்படிக் கட்டுவேன்" என்பதுதானே? அது சக்தியைப் பற்றிய முறையீடு. அவர் எங்கள் அணியின் சாட்சி.

அவர் பெயரைச் சொல்லிக் கொண்டு வந்த வரி என்ன செய்தது? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பழைய முறையில் மாளிகைக்கு 2,000 பவுண்டு, தொழிலாளியின் வரிசை வீட்டுக்கு 400 பவுண்டு. புது வரி தலைக்கு 350. மாளிகையில் கணவன் மனைவிக்கு 700. வரிசை வீட்டிலும் கணவன் மனைவிக்கு 700. மேலே 1,300 குறைந்தது, கீழே 300 கூடியது. ஏழைகளுக்கு 80 சதவீதம் வரை தள்ளுபடி உண்டே என்பீர்கள். உண்மைதான். பயன்தான் அளவுகோல் என்றால் தள்ளுபடி எதற்கு? ஏழை வீட்டுத் தெருவிளக்கு மங்கலாகவா எரிகிறது? சக்தியைப் பார்க்காமல் முடியாது என்று அந்த அரசுக்கே தெரிந்திருந்தது. அப்படியும் மாணவர்களும் வேலையில்லாதவர்களும் மிச்சம் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். வீடு ஓடாது, ஆள் ஓடுவான். வரிப் பதிவேட்டில் சிக்காமல் இருக்க வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விட்டவர்கள் உண்டு. வரிக்குப் பயந்து ஓட்டுரிமையை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை! 1990 மார்ச் 31 அன்று லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. மறு ஆண்டு, தலைவரியைக் குறைக்கப் பணம் தேடி, மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 17.5 ஆக்கினார்கள். 1993-ல் தலைவரி போயே போய்விட்டது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "எல்லாருக்கும் ஒரே தொகை, இதுதான் கிடைமட்டச் சமத்துவம்" என்றார். பாதி சரி. ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு ஒரே வரி என்பதுதான் அது. யார் யார் ஒரே நிலை என்பதை முதலில் சொல்ல வேண்டாமா? தலையை எண்ணினால் பிரபுவும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே நிலை. வருமானத்தைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப வரியும் ஏறி இறங்குவதுதான் செங்குத்துச் சமத்துவம். தலைவரியில் அதற்கு இடமே இல்லை.

மூன்றாவதாக வந்த சகோதரி தன் ஊர்க் கோயில் திருவிழாவைச் சொன்னார்: தலைக்கட்டு வரி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், யாரும் சண்டை போடுவதில்லை என்று. அம்மா, எங்கள் ஊரிலும் அந்த நோட்டு உண்டு. சிறுவயதில் என் அப்பாவோடு வசூலுக்குப் போயிருக்கிறேன். கணவனை இழந்த பெண்களின் பெயருக்கு எதிரே 'அரை' என்று எழுதியிருக்கும். வசதியான வீட்டுக்காரர்கள் வரிக்கு மேலே மண்டகப்படியும் ஏற்றார்கள். சாமி அருள் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனாலும் நோட்டு ஆளுக்குத் தக்கபடிதான் எழுதப்பட்டது.

சரி, பயன் கணக்கே கூடாதா? சுங்கச்சாவடி, குடிநீர் மீட்டர் போல யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று அளக்க முடிகிற இடத்தில் அது இருக்கட்டும். தீயணைப்பு வண்டியை எந்த மீட்டரில் அளப்பீர்கள்?

எதிரணித் தலைவரின் ஒரு கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. "சக்தி, சக்தி என்கிறீர்களே, அதை ஒழுங்காக அளக்கிறீர்களா?" என்றார். 2025-26 நிதியாண்டில், புதிய முறையில், 15 லட்ச ரூபாய் சம்பளக்காரர் 97,500 ரூபாய் வருமான வரி கட்டுகிறார். அதே 15 லட்சம் முழுவதும் விவசாயத்தில் வந்தால் மத்திய அரசுக்கு வரி இல்லை. மழை பொய்த்தால் அடுத்த ஆண்டு அவருக்கு ஒன்றுமே வராது என்பதையும் நினைக்கிறேன். அப்படியும் இந்த இருவர் விஷயத்தில் கிடைமட்டச் சமத்துவம் உடைந்துதான் கிடக்கிறது. ஆனால் அது அளவுகோலைப் பாதியில் நிறுத்தியதால் வந்த கோளாறு.

அந்த மூதாட்டிக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? 1993-ல் வரி மறுபடியும் வீட்டு மதிப்புக்கே திரும்பியது. தனியாக வசிப்பவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி வந்தது. அதே தள்ளுபடி மாளிகையில் தனியாக வாழும் கோடீஸ்வரருக்கும் உண்டு, ஏனென்றால் அங்கேயும் தலையைத்தான் எண்ணுகிறார்கள்.