கடைந்த வெண்ணெய்க்கு எந்த ஜார்?

நேயர்களுக்கு வணக்கம். ஷியா வெண்ணெயைக் கடைந்து நுரைக்க வைத்து உடல் பூச்சாக விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் ஜாரையும் லேபிளையும் தேர்ந்தெடுப்பது பற்றி, அதே தொழிலைச் செய்பவள் என்ற முறையில் பேச வந்திருக்கிறேன்.

ஜார் மில்லிலிட்டரில் விற்கப்படுகிறது. கடைந்த வெண்ணெயோ காற்றைச் சுமந்திருப்பதால் கன அளவுக்கு ஏற்ற எடை இல்லாதது. என் முதல் 50 மில்லி ஜாரை நிரப்பித் தராசில் வைத்தபோது உள்ளே 36 கிராம்தான் இருந்தது. லேபிளில் 50 கிராம் என்று அச்சடித்து வைத்திருந்தேன். அந்த லேபிள்கள் அனைத்தையும் கழித்துவிட்டு, 50 கிராம் தாராளமாகக் கொள்ளும் 75 மில்லி ஜாருக்கு மாறினேன். நிரப்பி எடைபோட்ட பிறகே லேபிளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடி கையில் கனமாக இருப்பதால் பொருளும் உயர்ந்ததாகத் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் எனக்குக் கிடைத்த 75 மில்லி கண்ணாடி ஜார் மூடியுடன் 160 கிராம், பெட் பிளாஸ்டிக் ஜார் 28 கிராம். இரண்டு ஜார் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கண்ணாடியில் அனுப்பினால் அதுவே 420 கிராம் ஆகிவிடுகிறது; அட்டைப்பெட்டியும் குமிழி உறையும் சேர்ந்தால் கூரியரின் 500 கிராம் வரம்பைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடுகிறது. பெட் ஜாரில் 156 கிராம்தான். ஆகவே அடர்பழுப்பு நிறப் பெட் ஜாரை எடுத்து, மிஞ்சிய பணத்தை, வாடிக்கையாளரின் விரல் முதலில் தொடும் மூடிக்கும் லேபிளுக்கும் செலவிட்டேன்.

அவ்வாறு செலவிடுவதற்குத் தோற்றம் மட்டும் காரணமன்று. ஷியா வெண்ணெய் உடல் வெப்பநிலைக்கு அருகிலேயே உருகுவது. மே மாதத்துக் கூரியர் வண்டிக்குள் நுரை அடங்கி, ஜார் பாதி காலியானது போல வந்து சேரும். எடை குறையவில்லை என்பதற்கு லேபிளில் உள்ள கிராம் அளவே சான்று. உருகிய எண்ணெய் மூடியின் திருகு வழியே கசிந்தால், காகித லேபிள் அதை உறிஞ்சி, எண்ணெய்த்தாள் போல ஆகி, எழுத்தெல்லாம் கறையாகிவிடும். அழுத்தி ஒட்டும் நுரைவட்டு எண்ணெயை நிறுத்துவதில்லை. வெப்பத்தால் ஒட்டும் அலுமினிய அடைப்பு வேண்டும். லேபிள், மேலே மங்கல் பூச்சுடைய பிளாஸ்டிக் படலத்தில் இருக்க வேண்டும். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் அழிந்துபோகக் கூடாதவை அல்லவா? பக்கங்கள் நேராக உள்ள ஜாரையே வாங்குங்கள். சரிவான ஜாரில் நேர்வெட்டு லேபிளில் சுருக்கம் விழும்.

மொத்தமாக வாங்குமுன் ஐந்து ஜார்களை நிரப்பி, லேபிள் ஒட்டி, படுக்கவைத்து, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு பகல் விட்டுவிடுங்கள். பிறகு எண்ணெய் தடவிய கட்டை விரலால் லேபிளின் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள்; ஓரம் எழும்பினாலோ மை ஒட்டிக்கொண்டாலோ அந்த லேபிளை வாங்க வேண்டாம்.