தேயிலைக்கு வந்த டாலர் எந்தக் கணக்கில் ஏறுகிறது?

எல்லாருக்கும் வணக்கம். குன்னூரில் ஒரு தேயிலை ஃபாக்டரிக்கு வெளியே நின்று பேசுகிறேன். பின்னால் கேட்கிற இரைச்சல் சிடிசி மெஷினுடையது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவுக்குக் கீழே பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். நாம் ஏற்றுமதி செய்வதைவிட இறக்குமதி செய்வது வருடா வருடம் அதிகம், அப்படியிருக்க ரிசர்வ் வங்கியிடம் டாலர் தீர்ந்துபோகாமல் எப்படி இருக்கிறது என்று. நல்ல கேள்வி. இதற்கான பதில் அயல்நாட்டுச் செலுத்துநிலை என்கிற கணக்கில் இருக்கிறது. பேலன்ஸ் ஆஃப் பேமெண்ட்ஸ் என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கணக்கில் மூன்று பெரிய பகுதிகள். முதலாவது நடப்புக் கணக்கு. சரக்கு, சேவை, வட்டி, லாபம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் பணம் எல்லாம் இதில். இரண்டாவது மூலதனக் கணக்கு. முதலீடு, கடன், டெபாசிட் எல்லாம் இதில். ஐஎம்எஃப் என்கிற பன்னாட்டு நாணய நிதியம் இவற்றில் பெரும்பகுதியை நிதிக் கணக்கு என்று தனியாகப் பிரிக்கிறது. நம் ரிசர்வ் வங்கியின் வழக்கமான அட்டவணையில் எல்லாம் மூலதனக் கணக்கு என்ற ஒரே தலைப்பில்தான் வரும், நானும் அப்படியே சொல்கிறேன். மூன்றாவது, ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏற்படும் மாற்றம். மூன்றையும் அதனதன் குறியோடு கூட்டினால் பூஜ்யம்தான் வரவேண்டும். பொருளாதாரம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் பூஜ்யம்தான்.

ஏன் என்பதை ஒரு கன்டெய்னரை வைத்துப் பார்ப்போம். இங்கே குன்னூர் ஏலத்தில் ஒரு ஏற்றுமதியாளர் 20,000 கிலோ தூள் எடுக்கிறார். கொச்சி துறைமுகம் வழியாக அனுப்புகிறார். கிலோ 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 40,000 டாலர். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் 90 நாள் கடன் கேட்கிறார், இவரும் சம்மதிக்கிறார்.

கப்பல் கிளம்பிய நாளில் நடப்புக் கணக்கில் பிளஸ் 40,000. ஏற்றுமதி நடந்துவிட்டது. ஆனால் பணம் வரவில்லையே? வரவில்லை. அதற்குப் பதிலாக நம் ஆளுக்கு வெளிநாட்டில் 40,000 டாலர் வரவேண்டிய பாக்கி ஒன்று உருவாகியிருக்கிறது. இது மூலதனக் கணக்கில் வணிகக் கடன் என்ற இடத்தில் மைனஸ் 40,000 என்று ஏறும். ஏன் மைனஸ்? டாலரைக் கொண்டுவருவது எல்லாம் பிளஸ், டாலரைப் பயன்படுத்துவது எல்லாம் மைனஸ். வெளிநாட்டுக்காரருக்குக் கடன் கொடுப்பது டாலரைப் பயன்படுத்துகிற காரியம். தேயிலை விற்று வந்திருக்க வேண்டிய டாலரை அவரிடமே கடனாக விட்டுவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கூட்டினால் பூஜ்யம்.

90 நாள் கழித்து அவர் பணம் கட்டுகிறார். பாக்கி தீர்ந்தது, வணிகக் கடனில் பிளஸ் 40,000. அந்த டாலர் எங்கே போகிறது தெரியுமா? குன்னூருக்கு வராது. ஏற்றுமதியாளரின் வங்கி நியூயார்க்கில் ஒரு டாலர் கணக்கு வைத்திருக்கும், வங்கிக்காரர்கள் அதை நாஸ்ட்ரோ என்பார்கள். அதில் போய் விழும். ஏற்றுமதியாளருக்கு இங்கே ரூபாய் வரவாகும். வங்கியின் வெளிநாட்டுச் சொத்து கூடியதால் மூலதனக் கணக்கில் மைனஸ் 40,000. மறுபடியும் பூஜ்யம்.

இதற்குப் பிறகு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரிசர்வ் வங்கி சந்தையில் அந்த டாலரை வாங்கிக்கொள்ளலாம். வங்கியின் சொத்து குறைந்தது, பிளஸ் 40,000. கையிருப்பு கூடியது, மைனஸ் 40,000. முழுக் கதையின் முடிவில் மிஞ்சுவது நடப்புக் கணக்கில் ஒரு பிளஸ், கையிருப்பில் ஒரு மைனஸ். இன்னொரு வழி, உர நிறுவனம் ஒன்று வெளிநாட்டிலிருந்து பொட்டாஷ் இறக்க அதே டாலரைக் கேட்கலாம். நமக்குத் தேவையான பொட்டாஷ் உரம் கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதிதான், இந்தத் தோட்டங்களுக்குப் போடுவதும் சேர்த்து. வங்கி டாலரை அந்த நிறுவனத்துக்கு விற்றால், நடப்புக் கணக்கில் ஒரு பிளஸுக்கு ஒரு மைனஸ் வந்து முடிந்துவிடும். கையிருப்பு அசையவே அசையாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள், பலர் தடுமாறுகிற இடம் இது. கையிருப்பு கூடினால் அட்டவணையில் மைனஸ் போடுவார்கள். 2020-21ல் கொரோனாவால் இறக்குமதி சுருங்கி நடப்புக் கணக்கில் உபரியே வந்தது. அந்த வருடம் கையிருப்பு 8,730 கோடி டாலர் கூடியது. ரிசர்வ் வங்கி அட்டவணையில் அது மைனஸ் குறியோடுதான் இருக்கும். அதைப் பார்த்து "ஐயோ, இவ்வளவு போய்விட்டதா" என்று பதறிவிடாதீர்கள்.

சரி, இப்போது நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2022-23ஐ எடுத்துக்கொள்கிறேன், ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட எண்கள். உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறியிருந்த வருடம். சரக்கு வர்த்தகத்தில் மட்டும் பற்றாக்குறை 26,530 கோடி டாலர். இந்த எண்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. ஆனால் மென்பொருள் முதலான சேவைகளில் செலவு போக நமக்கு நின்றது 14,330 கோடி. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்புவது போன்ற பண வரவு, நிகரமாக 10,090 கோடி. வட்டி, லாபம் என்று நம்மிடமிருந்து வெளியே போனது நிகரமாக 4,590 கோடி. எல்லாம் சேர்த்தால் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 6,700 கோடி டாலர். 26,530 கோடி இப்படித்தான் 6,700 கோடியாகச் சுருங்குகிறது.

இந்த 10,090 கோடியில் நம் ஊர் வீடுகளும் இருக்கின்றன. கோத்தகிரியிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒருவர் அம்மாவுக்கு வீட்டுச் செலவுக்கு அனுப்பினால் அது நடப்புக் கணக்கு. அதே பணத்தைத் தன் பெயரில், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ டெபாசிட்டாக இங்கே வங்கியில் போட்டால் மூலதனக் கணக்கு, ஏனென்றால் அவர் கேட்கும்போது நாடு திருப்பித் தரவேண்டிய பணம் அது. அப்புறம் ஒருநாள் ஊருக்கு வந்து வீடு கட்ட அந்த டெபாசிட்டிலிருந்து ரூபாயாக எடுக்கிறார் என்றால், அன்றைக்கு எல்லையைத் தாண்டி ஒரு டாலர்கூட வராது. ஆனாலும் மூலதனக் கணக்கில் மைனஸ், நடப்புக் கணக்கில் பிளஸ் என்று இரண்டு பதிவு விழும். எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இது. பதிவாவது டாலரின் பயணம் இல்லை, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

மேலே போவோம். 6,700 கோடி பற்றாக்குறைக்கு எதிராக மூலதனக் கணக்கில் வந்தது 5,890 கோடி. வித்தியாசம் 810 கோடி. கையிருப்பிலிருந்து 810 கோடி போயிருக்க வேண்டும். ஆனால் போனது 910 கோடி. நடுவில் 100 கோடி எங்கே?

அதற்குத்தான் பிழைகளும் விடுபாடுகளும் என்று ஒரு வரி இருக்கிறது. ஏற்றுமதி விவரம் சுங்கத்திலிருந்து வருகிறது, பணம் வந்த விவரம் வங்கியிலிருந்து வருகிறது. மார்ச் கடைசியில் கிளம்பிய கன்டெய்னர் ஒரு பக்கம் இந்த நிதியாண்டிலும் மறுபக்கம் அடுத்ததிலும் ஏறிவிடலாம். அதனால் இரண்டு பக்கமும் சரியாக ஒட்டாது. மிஞ்சுகிற வித்தியாசத்தை இந்த வரியில் போட்டுப் பூஜ்யமாக்குகிறார்கள். இந்த வரியை யாரும் போய் எண்ணி எடுப்பதில்லை, கழித்துத்தான் எடுக்கிறார்கள். ஒரு காலாண்டில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ் என்று சின்னதாக ஆடினால் அது பெரும்பாலும் தேதி வித்தியாசம். வருடக்கணக்காக ஒரே பக்கம் பெரிதாக நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். விலையைக் குறைத்து எழுதிய இன்வாய்ஸ், கணக்கில் வராமல் வெளியே போன பணம் எல்லாம் அங்கேதான் தலைகாட்டும்.

இப்போது நிறைய பேரைக் குழப்பிய விஷயம். 2022 மார்ச் கடைசியில் கையிருப்பு 60,730 கோடி டாலர். 2023 மார்ச் கடைசியில் 57,840 கோடி. குறைந்தது 2,890 கோடி. செலுத்துநிலைக் கணக்கோ 910 கோடிதான் குறைந்தது என்கிறது. யார் சொல்வது பொய்? யாருமே இல்லை. கையிருப்பு முழுவதும் டாலராக இல்லை. யூரோ, பவுண்டு, யென், தங்கம் எல்லாம் உண்டு, ஆனால் மதிப்பைச் சொல்வது டாலரில். அந்த வருடம் அமெரிக்காவில் வட்டி வேகமாக ஏறி டாலர் வலுத்தது. யூரோ அப்படியே பெட்டியில் இருந்தாலும் டாலரில் அதன் மதிப்பு இறங்கிவிட்டது. வட்டி ஏறியதால் கையில் இருந்த பத்திரங்களின் விலையும் இறங்கியது. இப்படிப் போனது சுமார் 1,970 கோடி. இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் நடக்கவில்லை, அதனால் செலுத்துநிலைக் கணக்கில் இதற்கு இடம் இல்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை வருகிற கையிருப்பு எண்ணைப் பார்த்து "ரிசர்வ் வங்கி இவ்வளவு டாலரை விற்றுவிட்டது" என்று எழுதுவது தவறாவது இதனால்தான். விற்றது எவ்வளவு, மதிப்பில் கரைந்தது எவ்வளவு என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியாது. கையிருப்பு மாற்றத்துக்கான காரணங்கள் என்று ரிசர்வ் வங்கியே தனியாக ஒரு அறிக்கை வெளியிடுகிறது, அதில் இரண்டும் பிரிந்து இருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்தச் சமன்பாடு எப்போதும் பூஜ்யத்தில் முடிகிறது என்பதால் அது காரணத்தைச் சொல்லிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அந்த வருடம் எண்ணெய்ச் செலவு கூடியதால் கையிருப்பு குறைந்ததா, முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்ததால் குறைந்ததா? சமன்பாட்டில் பதில் கிடையாது. ரிசர்வ் வங்கி டாலரை விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் கணக்கு பூஜ்யத்தில்தான் முடிந்திருக்கும். ஆனால் கையிருப்பு அசையாது என்றால் மற்ற இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும். அதற்கு ரூபாய் இன்னும் சரிந்து, இறக்குமதி விலை ஏறி, வாங்குவது குறைந்திருக்க வேண்டும்.

விற்ற பிறகும் ரூபாய் சரியத்தான் செய்தது. 2022 மார்ச் கடைசியில் டாலர் சுமார் 75.80 ரூபாய், ஒரு வருடம் கழித்து சுமார் 82.20. நம் கன்டெய்னரின் 40,000 டாலர் 30 லட்சத்து 32 ஆயிரத்திலிருந்து 32 லட்சத்து 88 ஆயிரமாக ஆகியிருக்கும். ஏற்றுமதியாளருக்கு இரண்டரை லட்சம் கூடுதல். அதே 40,000 டாலருக்குப் பொட்டாஷ் இறக்குகிறவருக்கு இரண்டரை லட்சம் கூடுதல் செலவு. கையிருப்பை எவ்வளவு இறக்குவது, ரூபாயை எவ்வளவு இறங்க விடுவது என்று ரிசர்வ் வங்கி தீர்மானிக்கும்போது இந்த இரண்டு பேரில் யார் எவ்வளவு சுமப்பது என்பதும் சேர்ந்தே தீர்மானமாகிறது.