வளையத்தின் உச்சியில் மட்டும் ஒரு விசைச் சமன்பாடு

வணக்கம். மேசைமேல் இருக்கும் இந்தத் தடத்தைப் பாருங்கள். இடப்பக்கம் சரிந்து இறங்குகிறது, நடுவில் 20 செ.மீ. ஆரமுள்ள வட்ட வளையமாகச் சுற்றுகிறது, வலப்பக்கம் வெளியேறுகிறது. சரிவில் ஒரு சின்ன எஃகுக் குண்டை விடப்போகிறேன். எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் அது வளையத்தை முழுதாகச் சுற்றும்?

குண்டைச் சற்று ஒதுக்கி வைப்போம். முதலில், உராய்வே இல்லாமல் சறுக்கும் ஒரு சிறு கட்டையை எடுத்துக்கொள்வோம். விசையை எழுதி முடுக்கம் கண்டுபிடிக்கலாம் என்று தொடங்கினால் உடனே சிக்கல். தடத்தின் சாய்வு இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவே முடுக்கமும் மாறுகிறது. v = u + at இங்கே செல்லாது. வேகத்தை நேரத்தோடு சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு தட வடிவத்துக்கும் தனித்தனியாக ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சரி, நேரத்தை விட்டுவிடுவோம். தடத்தை மிகச் சிறிய துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். ஒரு துண்டின் நீளம் ds, சாய்கோணம் θ. பாதை வழியே இழுக்கும் விசை mg sinθ. அந்தத் துண்டில் அது செய்யும் வேலை mg sinθ ds. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்: sinθ ds என்பது வேறொன்றுமில்லை, அந்தத் துண்டில் கட்டை கீழே இறங்கிய உயரம்தான். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் மொத்த இறக்கம் மட்டுமே மிஞ்சுகிறது. தடம் எப்படி வளைந்தது என்பது கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. தடம் தரும் செங்குத்து விசை எப்போதும் பாதைக்குக் குறுக்கே இருப்பதால் அது செய்யும் வேலை பூச்சியம். ஆக, மொத்த வேலை இயக்க ஆற்றலின் மாற்றத்துக்குச் சமம் என்ற தேற்றம் ஒரே வரியில் v² = 2g × இறக்கம் என்று தந்துவிடுகிறது. நியூட்டனின் விதியை இடத்தின் வழியே ஒருமுறை தொகையிட்டு வைத்திருக்கிறோம்; அதனால் நாம் ஒவ்வொரு முறையும் தொகையிட வேண்டியதில்லை.

இப்போது வளையத்துக்கு வருவோம். உச்சி 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 40 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் உச்சியைத் தொட்டுவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆற்றல் கணக்கு அதைத் தடுக்கவும் செய்யாது. ஆனால் அந்தக் கணக்கில் உச்சியில் வேகம் பூச்சியம். தலைகீழாக, வேகமே இல்லாமல் ஒரு கட்டை தடத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்குமா? நிற்காது. தடம் கட்டையைத் தள்ளத்தான் முடியும், பிடித்து இழுக்க முடியாது. இந்தச் செய்தி ஆற்றல் சமன்பாட்டில் இல்லை. அதற்குத்தான் ஒரே ஒரு இடத்தில் விசைச் சமன்பாடு தேவை. உச்சியில் N + mg = mv²/R. இதில் N என்பது தடம் கட்டையைத் தள்ளும் விசை; அது பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது, எனவே v² குறைந்தது gR ஆக வேண்டும். நம் வளையத்துக்கு அந்த வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர். அந்த வேகத்துக்கு உச்சிக்கு மேல் இன்னும் R/2, அதாவது 10 செ.மீ. வேண்டும். மொத்தம் 50 செ.மீ.

அப்படியானால் 40 செ.மீ.யிலிருந்து விட்டால் கட்டை எங்கே விழும்? வளையத்தின் மேல்பாதியில், மைய மட்டத்துக்கு மேலே α கோணத்தில் v² = 2gR(1 − sinα). தடத்தை விட்டுப் பிரியும் இடத்தில் N = 0, அதாவது v² = gR sinα. இரண்டையும் சேர்த்தால் sinα = 2/3. வளையத்தின் அடியிலிருந்து சுமார் 33 செ.மீ. உயரத்திலேயே அது தடத்தை விட்டு எறிகணை போலப் பாய்ந்துவிடும்.

இப்போது குண்டை எடுக்கிறேன். 50 செ.மீ.யில் வைத்து விடுகிறேன்... பார்த்தீர்களா, விழுந்துவிட்டது. உடனே உராய்வின்மேல் பழி போட வேண்டாம். குண்டு சறுக்கவில்லை, உருளுகிறது. வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்தின் ஆற்றலில் 7-இல் 2 பங்கு சுழற்சிக்குப் போய்விடும். அதனால் உச்சிக்கு மேல் 0.5R போதாது, 0.7R வேண்டும். மொத்தம் 54 செ.மீ. குண்டின் சொந்த ஆரத்தை இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. அது வளையத்தோடு ஒப்பிட மிகச் சிறியது.

54-இலும் இது சுற்றாது. இந்தத் தடத்தில் 58 செ.மீ. தேவைப்படுகிறது. அந்த 4 செ.மீ.தான் உராய்வும் தடத்தின் அதிர்வும் எடுத்துக்கொண்டது. அதை நேராகக் கணக்கிட்டுக் காட்டு என்று கேட்டால் ஆற்றல் முறை அவ்வளவு எளிதாக உதவாது. உராய்வு செங்குத்து விசையைப் பொறுத்தது, செங்குத்து விசை வேகத்தைப் பொறுத்தது. 50 செ.மீ.யிலிருந்து விட்ட அந்த உராய்வில்லாத கட்டைக்கே வளையத்தின் அடியில் அது எடையைப்போல் 6 மடங்கு. தடத்தின் வளைவு திரும்பவும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அளந்து சொல்வது எளிது. குண்டின் நிறை 50 கிராம். 4 செ.மீ.க்கு உரிய mgh ஏறக்குறைய 0.02 ஜூல். விட்ட இடத்திலிருந்து உச்சி வரை தடம் தின்ற ஆற்றல் அவ்வளவுதான். இதோ, 58-இல் வைக்கிறேன்.