ஏணிக்கு ஒரு துண்டு எழுதுறது எப்பிடி

எல்லாருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் சாமான் வாடகைக்குக் குடுக்கிற ஒரு சின்னக் கடை வச்சிருக்கன், ட்ரில் மிசின், கட்டர், வீல்பரோ, ஏணி இதுகள்தான். மழைக்கு முதல் பீலி துடைக்க, ஓடு மாத்த, லைட் போட எண்டு இந்த நாளையில ஏணி கேட்டு வாறாக்கள் கூட, அதனால ஏணியப் பத்தியே பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, கூப்பிட்டதுக்கு நன்றி.

வாறவங்க எல்லாரும் ஒரே மாதிரித்தான் கேப்பாங்க, "அண்ணே, ஆறடி ஏணி ஒண்டு இருக்கா?" எண்டு. விக்கிறவங்களும் போன்ல படத்தப் போட்டுத்து கீழ "ஆறடி அலுமினிய ஏணி, நல்ல கண்டிசன்" எண்டு எழுதி விட்டிருவாங்க. ஏறி நிக்கப்போற மனுசனுக்கு அது போதாது. அவருக்குத் தெரிய வேண்டியது நாலு விசயம், என்னத்தால செஞ்சது, எவ்வளவு உயரத்தில நிண்டு வேலை செய்யலாம், எத்தின கிலோ தாங்கும், விரிச்சா எப்பிடி லொக் ஆகும். இத நான் என்ர கடையில ஒவ்வொரு ஏணியிலயும் ஒரு துண்டுல எழுதி டேப்பால ஒட்டி வச்சிருக்கன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதத்தான் முதல் சொல்லணும்.

ரெண்டு மூணு வருசத்துக்கு முதல் ஒரு மடக்கு ஏணி வாங்கினன். கனடாவில இருந்து ஆரோ சாமான் பெட்டியோட கப்பல்ல அனுப்பினது, இஞ்ச வந்து கை மாறி என்னட்ட வந்திச்சு. அலுமினியம், ஆறடி, ஸ்டிக்கர்ல பெரிசா 200 எண்டு கிடந்திச்சு. வித்தவர் 200 கிலோ தாங்கும் எண்டார், நானும் நம்பி அப்பிடியே சோக்கால எழுதித்து வாடகைக்கு விட்டன். மேசன்மார் எடுத்துப் போனாங்க, பெயின்ட் அடிக்கிற தம்பிமார் எடுத்துப் போனாங்க. அஞ்சாறு மாசத்தில ஒருத்தர் திருப்பிக் கொண்டு வந்து, "அண்ணே, இது ஏறினா ஆடுது" எண்டார். வெயில்ல வச்சு ஸ்டிக்கரத் துடைச்சுப் பாத்தா 200க்குப் பக்கத்தில சின்னதா எல்.பி.எஸ். எண்டு கிடக்கு. அது கிலோ இல்ல, இறாத்தல். 200 இறாத்தல் எண்டா 91 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. நான் அவ்வளவு நாளும் ரெண்டு மடங்குக்கு மேல பொய் எழுதி மனுசர ஏத்தியிருக்கன். இப்பவும் அத நினைச்சா நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி.

அமெரிக்காப் பக்கத்து ஏணிகள்ல எடைய இறாத்தல்லதான் போடுவாங்க, வீட்டுப் பாவனைக்கு 200, கொஞ்சம் பெலமானது 225, மறுகா 250, 300 எண்டு போகும். ஐரோப்பாத் தரத்தில வாறதில, ஈ.என். 131 எண்டு போட்டிருக்கும், 150 கிலோ எண்டு கிடக்கும். ரெண்டு வகையும் நம்மட ஆக்கள்ர கையில கிடக்கு, அதால வெறும் நம்பர் எழுதக்கூடாது, பக்கத்தில கிலோவா இறாத்தலா எண்டு கட்டாயம் எழுதணும்.

அந்த எடை எண்டுறது ஏறுற ஆள்ர உடம்பு மட்டுமில்ல, கையில கிடக்கிறது, இடுப்பில கட்டினது எல்லாம் சேத்துத்தான். ஒரு ஃபேன் மாட்டுற வேலைய எடுங்க. எலக்ட்ரீஷன் தம்பி 84 கிலோ எண்டு வைப்பம். ஃபேன் ஒரு ஆறு கிலோ, ட்ரில் மிசின் ரெண்டரை, இடுப்புப் பையில சாவி, ஸ்குரூ, போல்ட் எல்லாம் மூணு. கூட்டினா 95 கிலோவும் மிச்சமும். அந்தக் கனடா ஏணிக்கு இது கூட. ஆனா ஏறின அண்டைக்கே அது உடைஞ்சு விழாது, ஏன் எண்டா செய்றவங்க ஸ்டிக்கர்ல போட்டதவிட எவ்வளவோ கூடின பாரத்த வச்சுத்தான் சோதிச்சு விடுவாங்க. அதுதான் ஆக்கள ஏமாத்துறதும். இண்டைக்குத் தாங்குது, நாளைக்கும் தாங்குது, ஆனா படி சட்டத்தோட சேர்ற இடத்தில ரிவெட் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாப் பெருக்கும், மறுகா படி நடுவில லேசாக் கீழ வளையும். என்ர ஏணியில ரெண்டாவது படிக்கு மேல ஒரு மட்டப்பலகைய வச்சுப் பாத்தன், நடுவில விரல் நகம் போற அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சிச்சு. அதோட அத வாடகைக்குக் குடுக்கிறத நிப்பாட்டித்தன்.

சரி, உயரம். இதிலதான் கூடப் பிழை விடுறது. ஆறடி ஏணி எண்டா ஆறடியில நிக்கலாம் எண்டு நினைக்கிறாங்க. இல்ல. ஆறடி எண்டுறது சட்டத்துர நீளம், விரிச்சு வச்சா கால் சரிஞ்சு நிக்கிறதால ரெண்டு மூணு அங்குலம் குறையும். மறுகா ஆக மேல இருக்கிற தட்டில நிக்கவே கூடாது, அதுக்குக் கீழ இருக்கிற படியிலயும் நிக்கக்கூடாது, ஏன் எண்டா அதில நிண்டா உங்கட முழங்காலுக்கு முன்னால சாய ஒண்டுமில்ல, லேசா ஒரு பக்கம் சரிஞ்சாலே ஏணி உங்களோட சேந்து போகும். அப்ப கால் வைக்கிற ஆகக் கூடின இடம் தரையில இருந்து நாலடிதான் எண்டு வச்சுக்கொள்ளுங்க.

போன மாசம் காத்தான்குடியில இருந்து ஒரு தம்பி வந்தார், முன் ஹோல்ல ஃபேன் மாட்டணும், ஆறடி ஏணி வேணும் எண்டார். ஸ்லப் எத்தின அடி தம்பி எண்டு கேட்டன், பதினொண்டு எண்டார். அவர் அஞ்சரை அடி. நாலடியில நிண்டா தலை ஒம்பதரையில, ஸ்லப்புக்கு இன்னும் ஒண்டரை அடி கிடக்கு. கைய உயத்தினா ஹூக் எட்டும், பல்பு கழட்டுற வேலை எண்டா அது காணும். ஆனா ஃபேன் மாட்டுறது எண்டா ஹூக்கில ஃபேனத் தொங்கப் போட்டு, போல்ட் இறுக்கி, பின் போட்டு, வயரும் கொழுவணும், கை ரெண்டும் தலைக்கு மேல பத்து நிமிசம் நிக்கும். கை நீட்டின படி ஆறு கிலோவத் தூக்கிப் பிடிக்க, நாரி பின்னால வளைய, குதி தன்னால எழும்பும். மேல் படியில கால் போறது அப்பதான். வேலை செய்ற இடம் முகத்துக்கு நேர, இல்லாட்டி தலைக்கு மேல அரையடிக்குள்ள வரணும். அவருக்கு அஞ்சடியில கால் நிண்டா தலை பத்தரையில, அது சரி. அப்ப ஏணி ஏழடி வேணும். எட்டடி குடுத்தா ஆறடிப் படியில நிக்கேலாது, தலை ஸ்லப்பில முட்டும், ஒரு படி கீழ இறங்கி நிண்டா அதுவும் பிழையில்ல, ஆனா வீட்டுக்குள்ள விரிக்க இடம் கூட வேணும்.

"வேர்க்கிங் ஹைட்" எண்டு கடைகள்ல சொல்றதயும் கவனிச்சுக் கேளுங்க. அது ஒரு ஆள் ஏறி நிண்டு கை எட்டுற உயரம், அதனாலதான் ஆறடி ஏணிக்கு பத்தடி எண்டு போட்டிருப்பாங்க. அந்தப் பத்தடியப் பாத்து ஏணிர நீளம் எண்டு நினைக்கிறாக்களும் இருக்காங்க. நான் துண்டுல "கால் நிக்கிற உயரம் 4 அடி" எண்டு எழுதுறன், மிச்சத்த ஏறுறவர் தன்ர உயரத்தக் கூட்டிப் பாப்பார்.

என்னத்தால செஞ்சது எண்டுறதுக்கு நம்மட இடத்தில ரெண்டு கேள்விதான் முக்கியம், கரண்டும் உப்பும். அலுமினியம் லேசு, ஒரு பொம்பிளயும் ஒரு கையால தூக்கலாம், ஆனா கரண்ட் ஓடும், ரோட்டால வீட்டுக்கு வாற வயருக்குப் பக்கத்தில அத நிமித்தவே கூடாது. பைபர் பாரம், விலையும் கூட, ஆனா காஞ்சு துப்பரவா இருக்கிற வரைக்கும் கரண்ட் ஓடாது. நனைஞ்சா, சேறு பட்டா அந்த நம்பிக்கைய விட்டிரணும். வெயில்ல போட்டா அதுர பளபளப்புப் போய் நார் வெளிய வந்து கைய அரிக்கும். கல்லடி, கல்முனை எண்டு கடலோரத்தில இருக்கிறாக்கள் அலுமினிய ஏணியில ரிவெட்டச் சுத்திப் பாருங்க, வெள்ளையா மா மாதிரி ஏதும் பூத்திருந்தா உப்புக்காத்தில அலுமினியம் அரிபடுது, ரிவெட் இரும்பா இருந்தா இன்னும் கெதியாத் தின்னும். மர ஏணி வச்சிருக்கிறாக்கள் பெயின்ட் அடிக்காதீங்க, வெடிப்பத் தெரியாம மறைச்சிரும்.

லொக் எண்டுறத துண்டுல எழுதினா மட்டும் பத்தாது, கையால தொட்டுப் பாக்கணும். மடக்கு ஏணியில ரெண்டு பக்கமும் நடுவில முழங்கை மாதிரி மடியிற ஒரு கம்பி இருக்கு. விரிக்கக்குள்ள அது நேரா வந்து, நேருக்கு அங்கால ஒரு நூல் கீழ போகணும், அப்பதான் பூட்டு. நேரா வந்தது காணும் எண்டு விட்டா ஏறக்குள்ள ஏணி அசைஞ்சா அது மேல உதைச்சு மடங்கும். உள்ளங்கைய அந்த மூட்டில வச்சு அமத்துங்க, கீழ போய் நிண்டிச்சோ எண்டு பாருங்க, ரெண்டு பக்கமும். பிறகு பின்கால முழங்காலால முன்னுக்குத் தள்ளுங்க, கம்பி அசைஞ்சா ஏறாதீங்க. வெளிய கொண்டு போனா நாலு காலும் ஒரே மட்டத்தில நிக்கணும். மணல்ல ஒரு கால் புதைஞ்சாலும் சட்டம் முறுகும், அப்ப ஒரு பக்கக் கம்பி பூட்டி மற்றப் பக்கம் பூட்டாமத் தொங்கும், கீழ ஒரு பலகையப் போட்டா சரியாகும்.

இழுத்து நீட்டுற குழாய் ஏணி வேற மாதிரி. அதுல ஒவ்வொரு படிக்கும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பின், ஒண்டொண்டா இழுக்க, ரெண்டும் டக் எண்டு வெளிய வரணும். நம்மட கடற்கரை மணல் அந்த ஓட்டைக்குள்ள போனா ஒரு பக்கம் டக் எண்டும், மற்றப் பக்கம் சத்தமே வராது. என்ர கடையில இருக்கிறதுல பின் பூட்டினா பட்டனுக்குக் கீழ பச்சை தெரியும், பூட்டாட்டி சிவப்பு. எத்தின படியோ அத்தினையயும் ரெண்டு பக்கமும் பாக்கணும், ஒண்டு சிவப்பாக் கிடந்தாலும் திருப்பி மடக்கி, ஈரமில்லாத துணியால துடைச்சு, மறுகா இழுக்கணும். எண்ணெய் போடாதீங்க, எண்ணெயில மணல் ஒட்டி இன்னும் மோசமாகும்.

அந்தக் காத்தான்குடித் தம்பிக்குக் குடுத்த ஏணியில ஒட்டியிருந்தத இப்பிடியே வாசிக்கிறன், நீங்களும் விக்கிறதுக்கோ வாடகைக்கோ போடக்குள்ள இந்த மாதிரி எழுதலாம்: "மடக்கு ஏணி, பைபர் சட்டம், அலுமினியப் படி. நீளம் 7 அடி, கால் நிக்கிற உயரம் 5 அடி. ஆளும் சாமானும் சேத்து 136 கிலோ, ஸ்டிக்கர்ல 300 இறாத்தல். நடுக்கம்பி ரெண்டும் கீழ அமந்து பூட்டும். பின்பக்கக் கம்பியில ஏறக்கூடாது. இடது பின்காலுக்கு ரப்பர் புதுசாப் போட்டது." கடைசி வரிய ஏன் எழுதினன் எண்டு அவர் கேட்டார். பழைய ரப்பர் தேஞ்சு சட்டத்துர முனை வெளிய வந்து டைல்ஸ்ல கோடு கீறினது, அப்பிடி நிண்ட ஏணி வழுக்கும், மற்ற மூணு ரப்பரும் பழசு எண்டு அவருக்குத் தெரியத்தான். அவர் குந்தியிருந்து மூணையும் விரலால தடவிப் பாத்துத்துத்தான் தூக்கித்துப் போனார்.