எண்ணாயிரம் பைக்கற்றும் பத்தாயிரத்தின் கணக்கும்

வணக்கம். செலவைப் பாதீட்டோடு எப்படி ஒப்பிடுவது என்று பேச வந்தேன். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் ஸ்டூடியோவுக்குள் விட்டார்கள், அதனால் நேரே மில்லுக்குப் போவோம். யாழ்ப்பாணத்தில் நான் கணக்குப் பார்த்த ஒரு மிளகாய்த்தூள் மில். பெயர் வேண்டாமே.

அந்த மில்லின் பாதீடு மாதம் 10,000 பைக்கற்றுக்குப் போட்டது. நூறு கிராம் பைக்கற் ஒன்றுக்குச் சரக்கு, உறை, அரைகூலி எல்லாம் சேர்த்து 150 ரூபா. அது போக வாடகை, மனேஜர் சம்பளம் என்று மாதம் 3 லட்சம். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போகும். ஆக மொத்தம் 18 லட்சம். இந்த 18 லட்சத்தைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாக முதலாளி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார்.

நல்லூர்த் திருவிழா வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சனம் திரும்பிப் போகும்போது பெட்டிக்குள் உடுப்பை விடத் தூள்தான் கூட, உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். மில்லில் அந்த மாதம் 12,000 பைக்கற் அரைத்தார்கள். செலவு 20 லட்சத்து 70 ஆயிரம். முதலாளி கண்ணாடியைப் பார்த்தார், "2 லட்சத்து 70 ஆயிரம் கூட முடிஞ்சிருக்கு!" என்று மில்லைப் பார்க்கிற அக்காவை எல்லாருக்கும் முன்னால் ஏசிவிட்டார். பாவம், அவ ஒன்றும் பேசவில்லை.

கார்த்திகையில் மழை, விற்பனை படுத்துவிட்டது. 8,000 பைக்கற்தான். செலவு 15 லட்சத்து 60 ஆயிரம். "பாத்தியளே தம்பி, ஏசினது வேலை செய்யுது, 2 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம்" என்று எனக்குத் தேத்தண்ணியும் வடையும் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் வடையைச் சாப்பிட்டேன், அது இப்பவும் உறுத்துகிறது.

ஏனென்றால் இரண்டும் தலைகீழ். அரைத்த அளவுக்குப் பாதீட்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், இதைத்தான் நெகிழ்வுப் பாதீடு என்கிறோம். 12,000 பைக்கற்றுக்கு 150 வீதம் 18 லட்சம், அதோடு அந்த 3 லட்சம்: 21 லட்சம் போயிருக்கலாம். போனது 20 லட்சத்து 70 ஆயிரம். அக்கா 30 ஆயிரம் மிச்சம் பிடித்திருக்கிறா! 8,000 பைக்கற்றுக்கு 12 லட்சமும் 3 லட்சமும், 15 லட்சம்தான் போயிருக்க வேண்டும். போனதோ 60 ஆயிரம் கூட. ஏச்சு வாங்கிய மாதம் நல்ல மாதம், வடை வந்த மாதம் ஓட்டை விழுந்த மாதம்.

சரி, அந்த 60 ஆயிரம் எங்கே போனது? சரக்கு அறைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக 100 கிலோ தூளுக்கு 106 கிலோ சரக்குக் கொடுபடும், காயவைக்கும்போதும் வறுக்கும்போதும் கொஞ்சம் குறையும்தானே. கார்த்திகையில் 112 கிலோ போயிருக்கிறது. மழைக்குள் வாங்கிய மிளகாய், கையால் நசித்தால் முறியாமல் வளைகிறது. ஈரத்தையும் சேர்த்து நிறுத்துக் காசு கொடுத்திருக்கிறார்கள். 800 கிலோ தூளுக்கு 48 கிலோ கூடுதல், கிலோ சராசரியாக 1250 ரூபா. அப்படியே 60 ஆயிரம். கண்ணாடிக்குக் கீழிருந்த தாளில் இந்த ஈரம் தெரியவே தெரியாது, அரைக்காத 2,000 பைக்கற்றின் செலவு அதை மூடிவிட்டது.

இதைச் சொன்னபோது முதலாளி கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். 18 லட்சத்தைப் பத்தாயிரத்தால் பிரித்து, "பைக்கற்றுக்கு 180, அப்ப 8,000க்கு 14 லட்சத்து 40 ஆயிரம்" என்றார். அதுவும் பிழை. 8,000 அரைத்தால் வாடகைக்காரர் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்வாரா? கலியாண மண்டபத்தை நினையுங்கள், ஆள் குறைந்தால் சாப்பாட்டுக் காசு குறையும், மண்டபக் காசு குறையாது. அதனால் மாறும் செலவை மட்டும்தான் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும், நிலையானதைத் தொடக் கூடாது.

அதற்காகப் பழைய தாளைக் கிழித்துப் போடவும் சொல்லவில்லை. ஏன் 10,000 விற்கவில்லை என்ற கேள்வி அதில்தான் இருக்கிறது. ஆனால் அது விற்பனைக்காரரிடம் கேட்க வேண்டியது, அரைக்கிற அக்காவிடம் அல்ல.

கரண்ட் பில்லைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். அதில் ஒரு பகுதி நிலையானது, ஒரு பகுதி அரைக்க அரைக்க ஏறுவது, இரண்டையும் பிரித்துத்தான் எழுத வேண்டும். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள்... அப்புறம் ஒன்று, 15,000 பைக்கற் அரைக்க இரண்டாவது மெஷின் வாடகைக்கு எடுத்தால் அந்த 3 லட்சமும் 3 லட்சமாக இராது, அப்போது இந்தக் கணக்கைப் புதிதாகத்தான் போட வேண்டும். வணக்கம்.